மாசம் ஆயிரத்துச் சொச்சம்: நான் தெரியாமல் கட்டிய வட்டி

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் எங்கள் தெருவில் வீட்டுப் பேச்சு முழுக்கத் தமிழ். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முதலமடை ஷெட்டுகளில் மாங்காய் ஏற்றிக் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் ஓட்டம் இருக்கும். அந்த நாலு மாசம் வண்டி நிற்காது. எனக்கு மே மாதம் பள்ளி யூனிஃபார்ம், அப்புறம் ஓணம். இடையில் வரும் ஜூன் கடைசியும் ஜூலையும் இரண்டு பேருக்குமே கையைக் கடிக்கும் மாதங்கள். ஜூலை நடுவில் பிறக்கிற மாதத்தை இந்தப் பக்கத்தில் கள்ளக் கர்க்கடகம் என்பார்கள். நமக்கு ஆடி. கல்யாணம் இல்லை, மழை ஓயாது, துணி தைக்க ஆள் வராது.

இதைச் சொல்லிவிட்டுத் தொடங்கக் காரணம், எங்கள் டெர்ம் பாலிசியின் தேதி ஜூலை 18. ஆள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு அது. 2021-இல் எடுத்தது. கோவிட் இரண்டாம் அலையில் எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு பார்த்த பிறகு, அவர் பெயரில் 50 லட்சத்துக்கு எடுத்தோம். அவருக்கு அப்போது 39 வயது. ஏஜென்ட் தெரிந்த பையன்தான். "வருஷத்துக்கு ஒரேயடியா எதுக்குங்க அக்கா? மாசம் ஆயிரத்துச் சொச்சம், அக்கவுண்ட்ல இருந்து தானா போயிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றான். மழைக்காலம், கையில் மொத்தமாகப் பணம் இல்லை. சரி என்று கையெழுத்துப் போட்டோம். அவன் பொய் ஏதும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியவே இல்லை என்பதுதான் உண்மை. இரண்டு வருடம் அந்தப் பணம் போன தடம் எங்களுக்குத் தெரியவில்லை.

தெரிய வந்தது 2023 ஆகஸ்டில். பாஸ்புக் பதிய வங்கிக்குப் போய் வந்த மகளிடம், ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே விவரம் கேட்டேன். "அம்மா, ரெண்டு தடவை 295 ரூபா எடுத்திருக்காங்க" என்றாள். ஜூலை 18 அன்று கணக்கில் இருந்தது 640 ரூபாய். பிரீமியம் 1,274. பணம் இல்லாமல் திரும்பியதற்கு வங்கி 250 ரூபாயும் அதற்கு வரியும் பிடித்திருக்கிறது. சில நாள் கழித்துக் கம்பெனி மறுபடி கேட்டிருக்கிறது, மறுபடி திரும்பியிருக்கிறது, மறுபடி 295. போனில் மெசேஜ் வந்துதான் இருக்கிறது. தினம் வரும் கடன் விளம்பரங்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடந்தது.

உடனே போய்க் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கட்ட முடியவில்லை. பாலிசி லேப்ஸ் ஆகிவிட்டது என்றார்கள். எனக்குத் தெரிந்தது முப்பது நாள் கெடு. என் அப்பா காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அது வருடம், அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு. மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான். ஜூலை 18-இல் தவறியதற்கு ஆகஸ்ட் 2-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த 15 நாளுக்குள் ஏதாவது நடந்திருந்தால்கூடக் கட்டாத தவணையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருப்பார்கள். அது தாண்டிவிட்டால் ஒன்றும் இல்லை. டெர்ம் பாலிசியில் சேர்ந்த பணம் என்று எதுவும் கிடையாது.

புதுப்பிக்க வழி உண்டு. பாக்கித் தவணை, அதற்கு வட்டி, அப்புறம் உடல்நல உறுதிமொழிப் படிவம். அந்தப் படிவத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது. 2022 கடைசியிலிருந்து அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பாலிசி எடுக்கும்போது சர்க்கரை இல்லை. பாலிசி தொடர்ந்து ஓடியிருந்தால் அதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. லேப்ஸ் ஆனதால் கேட்டார்கள். மறைக்காமல் எழுதிக் கொடுத்தோம். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கம்பெனி நினைத்திருந்தால் பிரீமியத்தைக் கூட்டியிருக்கலாம், முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். எங்கள் நல்ல நேரம், பழைய பிரீமியத்திலேயே செப்டம்பர் 6 அன்று புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 3 முதல் அன்று வரை அந்த மனிதர் ராத்திரி மழையில் வாளையாறு வழியாக லோடு ஓட்டிக்கொண்டிருந்தார், பாதுகாப்பு ஏதும் இல்லாமல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதோடு முடியவில்லை. இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 45-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பாலிசி மூன்று வருடம் ஓடிவிட்டால், முதலில் கொடுத்த தகவல் தப்பு என்று சொல்லிக் கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. குடும்பத்துக்கு அது பெரிய அரண். ஆனால் அந்த மூன்று வருடம் பாலிசி கொடுத்த தேதி, காப்பு தொடங்கிய தேதி, புதுப்பித்த தேதி இவற்றில் எது கடைசியோ அதிலிருந்துதான் எண்ணப்படும். எங்களுக்கு 2024 ஜூலையில் முடிந்திருக்க வேண்டிய கணக்கு, 2023 செப்டம்பர் 6-இல் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியது. கணக்கில் 640 ரூபாய் இருந்த ஒரு நாள் செய்த வேலை இது.

அந்த ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்து வீட்டு மாஷ் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மலையாளிதான், ஆனால் தமிழ் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் எடுத்தவர். பாலிசிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மோளே, இந்தத் தாள்ல ரெண்டு பிரீமியம் இருக்கு, பார்த்தியா?" என்றார்.

நான் பார்த்ததே இல்லை. ஆன்யுவலைஸ்டு பிரீமியம் 12,000 என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்ஸ்டால்மென்ட் பிரீமியம் 1,080 என்று இன்னொரு வரி. 12,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஆயிரம்தானே வர வேண்டும்? எண்பது ரூபாய் எங்கிருந்து வந்தது? பின்பக்கத்தில் மோடல் ஃபேக்டர் என்று ஒரு சின்னக் கட்டம். அரையாண்டுக்கு 0.51, மாதத்துக்கு 0.09. வருட பிரீமியத்தை 0.09 ஆல் பெருக்கினால் மாதத் தவணை. பன்னிரண்டு மாதத்துக்கு 12,960. ஆக 960 ரூபாய் கூடுதல். அப்போது டெர்ம் பாலிசிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. அந்த வரி இந்தக் கூடுதல் தொகைக்கும் சேர்த்துத்தான். அதனால் எங்கள் கையிலிருந்து வருடத்துக்கு 1,132 ரூபாய் 80 காசு அதிகம் போயிருக்கிறது.

கம்பெனி இதை ஏன் வாங்குகிறது என்றும் மாஷ் சொன்னார். மொத்தமாக வந்தால் அந்தப் பணம் முதல் நாளிலிருந்து அவர்களுக்கு வட்டி சம்பாதிக்கும். தவணையில் வந்தால் அது போகும். பன்னிரண்டு தடவை வசூல் செய்கிற செலவு இருக்கிறது. தவணைக்காரர்கள்தான் நடுவில் அதிகம் விடுவார்கள், அந்த நஷ்டமும் இருக்கிறது. இதெல்லாம் நியாயமான காரணங்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நான் போட்ட கணக்கு இது: 12,000-க்கு 960, அதாவது எட்டு சதவீதம். நகைக்கடனைவிடக் கம்மி, பரவாயில்லை. மாஷ் தலையை ஆட்டினார். "நீ வருஷம் முழுக்கப் பன்னிரண்டாயிரம் கடன் வெச்சிருந்தியா?"

இல்லை. முதல் நாளே 1,080 கட்டிவிடுகிறேன். அப்படியென்றால் கடன் 10,920-தான். அடுத்த மாதம் இன்னொரு தவணை, கடன் இன்னும் குறைகிறது. இப்படியே இறங்கி இறங்கிப் பதினோராவது மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. வருடம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் என் தலையில் இருந்த கடன் சுமார் 5,500 ரூபாய்தான். அந்த 5,500-க்கு 960 வட்டி. சதவீதம் சுமார் 17. நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் நாற்பது காசு வட்டி. கடைவீதியில் யாராவது ஒண்ணரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் நான் யோசிப்பேன், நகையை வைத்தால் குறைவாகக் கிடைக்குமே என்று பார்ப்பேன். இங்கே கேட்காமலே அந்த வட்டிக்கு வாங்கியிருக்கிறேன், அதுவும் வருடா வருடம்.

யார் வேண்டுமானாலும் போட ஒரு சுலபக் கணக்கு உண்டு. மாதத் தவணையைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வருட பிரீமியத்தைவிட எத்தனை சதவீதம் கூடுகிறது என்று பாருங்கள். அதை இரண்டால் பெருக்கி இன்னும் கொஞ்சம் சேர்த்தால் உண்மையான வட்டி. என் 8 சதவீதம் 17 ஆனது. என் நாத்தனார் பாலிசியில் ஃபேக்டர் 0.0875, கூடுதல் 5 சதவீதம், உண்மை வட்டி சுமார் 11. கம்பெனிக்குக் கம்பெனி, திட்டத்துக்குத் திட்டம் இது மாறும். அதனால் உங்கள் பத்திரத்தில் இருக்கிற எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இதே கணக்கு சில இடத்தில் தலைகீழாகவும் வரும் என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்.ஐ.சி.யின் பல பழைய மாதிரித் திட்டங்களில் மாதத்துக்குக் கூட்டுவதில்லை. வருடத்துக்குக் கட்டினால் அட்டவணை பிரீமியத்தில் 2 சதவீதமும் அரையாண்டுக்குக் கட்டினால் 1 சதவீதமும் தள்ளுபடி தருகிறார்கள். விஷயம் ஒன்றுதான், எழுதுகிற விதம் வேறு. ஆனால் அளவு சின்னது. அந்த 2 சதவீதத்தை இரட்டித்தால் நாலே சொச்சம்தான். உங்கள் பணம் கூட்டுறவுச் சங்கத்தில் டெபாசிட்டாக ஆறு, ஏழு சதவீதத்துக்குக் கிடக்கிறதென்றால், அதை உடைத்து வருட பிரீமியம் கட்டுவதில் லாபம் இல்லை. மாதமே கட்டலாம். அங்கே பயப்பட வேண்டியது அந்த 15 நாள் கெடுவுக்கு மட்டும்தான். என் தம்பி மூணாறு எஸ்டேட்டில் ஆபீஸ் வேலையில் இருக்கிறான். அவனுக்குச் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். அவனை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. மாதச் சம்பளக்காரன் தவணை தவற வழியில்லை. எங்களைப் போல நாலு மாசம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாசம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் மாதத் தவணை பொருந்தாத சட்டை.

சரி, மாற்றினோமே, அந்தக் கதைக்கு வருகிறேன். நினைத்த நாளில் மாற்ற முடியாது. பொதுவாகப் பாலிசி ஆண்டு திரும்பும் தேதியில்தான் தவணை முறையை மாற்றுவார்கள். எங்களுக்கு அடுத்த தேதி 2024 ஜூலை 18. அதாவது இன்னும் பத்து மாசம் பழையபடி 1,274 போய்க்கொண்டே இருக்கும். அதே நேரம் ஜூலைக்கு வரியோடு சேர்த்து 14,160 மொத்தமாகத் தயாராக வேண்டும். முதல் வருடம் இந்த இரட்டைச் சுமைதான் பலரை மாற விடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாதம் ஆயிரம் ரெக்கரிங் போடலாம் என்று மாஷ் சொன்னார். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஜூலையில் பிரீமியத்துக்கே பணம் இல்லாத வீட்டில் ரெக்கரிங்குக்கு எங்கே போவது? அதற்குப் பதில் மார்ச்சில், மாங்காய் ஓட்டம் உச்சத்தில் இருந்தபோது, ஒரே நாளில் 14,160-ஐக் கூட்டுறவுச் சங்கத்தில் நாலு மாச டெபாசிட்டாகப் போட்டேன். ரசீதின் மேல் "ஜூலை" என்று மகள் பெரிதாக எழுதினாள். ஜூலையில் மழை எப்படிப் பெய்தாலும் அந்தப் பணம் அங்கே இருந்தது. சம்பாத்தியம் வருகிற மாதத்தில் பிரீமியத்தை எடுத்து வைப்பது, கட்டுகிற மாதத்தில் தேடுவதல்ல. எங்களுக்கு இது ஒன்றுதான் சரிப்பட்டது.

ஜூன் நடுவில் கிளைக்குப் போய்த் தவணை முறை மாற்றும் படிவம் கொடுத்தேன். கையெழுத்து பாலிசிதாரர் போட வேண்டும் என்பதால் அவரையும் கூட்டிப் போனேன். அங்கே ஒரு அம்மா நல்ல விஷயம் சொன்னார். பழைய ஆட்டோ டெபிட் அனுமதி தானாகச் சாகாது, அதை நிறுத்தத் தனியாக எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஜூலையில் வருட பிரீமியமும் கட்டி, 1,274-உம் எடுபட்டுவிடலாம் என்றார். அந்த அனுமதிப் படிவத்தில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு தொகை இருக்கும். எங்களுடையதில் 2,000. அதை வைத்து வருட பிரீமியம் எடுக்கவும் முடியாது. புதிதாக அனுமதி கொடுக்கவே வேண்டாம் என்று முடிவு செய்து, ஜூலை 10-ஆம் தேதி டெபாசிட்டை எடுத்து நேரில் கட்டினோம். இரண்டு வாரம் கழித்துப் பாஸ்புக் பதிந்து, பழைய தவணை எடுபடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். கம்பெனியிலிருந்து தவணை முறை 'ஆண்டு' என்று மாறிய கடிதம் வந்த பிறகுதான் நிம்மதி.

வருடத்துக்கு ஒரேயடியாக முடியாதவர்களுக்கு அரையாண்டு ஒரு நடுவழி. எங்கள் பாலிசியிலேயே 0.51 தான். 6,120 வீதம் இரண்டு தடவை, கூடுதல் 240 ரூபாய். இரண்டாவது பாதியை ஆறு மாசம் கடனாக வைத்திருப்பதற்கு இந்த வட்டி சுமார் 8 சதவீதம், மாதத் தவணையில் பாதிகூட இல்லை. கெடுவும் முப்பது நாள். என் கடையில் வேலை செய்கிற பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன். அவளுக்கு ஓணத்துக்கு ஒன்று, மாசியில் ஒன்று என்று தேதி அமைந்தது. கையில் ஒன்றுமே இல்லை, மாதத் தவணை இல்லாவிட்டால் பாலிசியே இல்லை என்றால், மாதமே எடுங்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம், எடுத்தது தப்பில்லை. முதல் ஆண்டுத் தேதியிலேயே மாற்றாமல் மூன்று வருடம் ஓட்டியதுதான் தப்பு. அந்த மூன்று வருடத்தில் கூடுதலாகப் போனது கிட்டத்தட்ட 3,400 ரூபாய், அதற்கு மேல் வங்கி பிடித்த 590, தாமத வட்டி தனி.

மருத்துவக் காப்பீட்டைத் தவணையில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் சித்தி மகளுக்குப் பாலிசி எடுத்த மூன்றாம் மாதமே ஆபரேஷன். கிளெய்ம் வந்தது, ஆனால் அந்த வருடத்துக்குப் பாக்கியிருந்த ஒன்பது தவணையையும் ஒரே தடவையில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள். ஏமாற்று இல்லை. கிளெய்ம் வந்தால் மீதித் தவணை முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும் என்று பத்திரத்திலேயே இருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜ் நாளில் பில் முன்னால் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்வது கஷ்டம். தவணையில் எடுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அந்தத் தொகையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்றாகிவிட்டது. அதனால் வரும் ஜூலைக்கு 12,000 போதும். இந்த மார்ச்சில் போடப் போகிற டெபாசிட்டும் அவ்வளவுதான். மோடல் ஃபேக்டர் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. வரி போனதோடு தவணைச் செலவும் போய்விட்டது என்று நினைத்து மாதத்துக்கு மாறியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். வரிதான் போயிருக்கிறது, 0.09 போகவில்லை.

மாங்காய் ஏற்றிவிட்டு அவர் ராத்திரி திரும்பும்வரை நான் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். பாலிசிப் பத்திரம் இருக்கிற கோப்பில் இப்போது இன்னும் மூன்று தாள் சேர்ந்திருக்கிறது: சர்க்கரை இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்த உறுதிமொழியின் நகல், அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், செப்டம்பர் 6 தேதி போட்ட புதுப்பித்தல் கடிதம். அதன் மேல் உறையில் "2026 செப்டம்பர் 6" என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடம் அன்றைக்குத்தான் முடிகிறது.